உடையார்பாளையம் தாலுகா, திருச்சினாப்பள்ளி ஜில்லா

மருமகனே,

நீ கைப்பேசியில் அனுப்பிய படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு கட்டங்கள். கிராமம், பிளாக், மாவட்டம், மாநிலம். அதற்குக் கீழே உன் செய்தி. "அத்தே, இந்த நாலையும் நிரப்பி அனுப்புங்க. அப்படியே தாத்தாவோட பழைய பதிவுப் பாரம் ஒரு காப்பி இருக்குல்ல, அதையும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க. அதுல இந்தியாவுல பொறந்தாருன்னு தெளிவா இருக்காம், அது ஒண்ணே போதும்னு ஏஜென்ட் சொல்றாரு லா." கடைசியில் ஒரு சிரிக்கிற முகம்.

அந்தச் சிரிக்கிற முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மேல் கோபம் இல்லை. நீ மெல்பர்னில் இருக்கிறாய், உன் கம்பெனி உன்னைச் சென்னைக்கு அனுப்பப் போகிறது, இந்திய வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுக்கும் அந்த அட்டை இருந்தால் விசா தொல்லை இல்லை. நியாயம்தான். ஆனால் நீ கேட்கும் அந்தக் காப்பி இருக்கிறதே, அது உன் தாத்தாவின் வாழ்க்கையைத் தின்ற தாள். அதைப் பற்றிக் கைப்பேசியில் கட்டை விரலால் தட்டி எழுத முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி. கட்டங்களையும் நிரப்பித் தருகிறேன், அந்தக் காப்பி உனக்கு ஏன் வராது என்றும் சொல்கிறேன்.

முதலில் கட்டங்கள்.

கிராமம். நம் வீட்டில் சொல்லும் ஊர்ப் பெயர் உனக்குத் தெரியும். உன் அப்பன் உன் காதுகுத்துப் பத்திரிகையில் கூடப் பெருமையாக அச்சடித்திருந்தான். அந்தப் பெயரை அப்படியே எழுதிவிடாதே. அது குக்கிராமம், இரண்டு தெருவும் ஓர் ஏரியும். நிலப் பதிவுகளில் அது தனியாக வராது. பக்கத்தில் இருக்கும் பெரிய கிராமத்தின் பெயரில்தான் வரும். அதற்கு வருவாய்க் கிராமம் என்று பெயர். அந்தப் பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் அதை எழுது, குக்கிராமத்தின் பெயரைப் பிறகு எழுது.

பிளாக். இந்தக் கட்டத்தைப் போட்டவன் வடக்கே எந்த மாநிலத்துப் பாரத்தைப் பார்த்துப் போட்டானோ தெரியவில்லை. தமிழ்நாட்டில் அதை ஊராட்சி ஒன்றியம் என்கிறார்கள். நம்முடையது ஜெயங்கொண்டம் ஒன்றியம். சாலை, குடிநீர், தொகுப்பு வீடு, நூறு நாள் வேலை அட்டை, இவற்றில்தான் ஒன்றியத்தின் பெயர் இருக்கும். அது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு. வெள்ளைக்காரன் காலத்துத் தாளில் நீ தலைகீழாக நின்று தேடினாலும் ஒன்றியம் கிடைக்காது. நிலம், பிறப்பிடம், பூர்வீகம் என்று எது கேட்டாலும் அது வருவாய்த்துறைக் காரியம். அங்கே கணக்கு வேறு. வருவாய்க் கிராமம், அதற்கு மேல் குறுவட்டம், அதற்கு மேல் வட்டம். வட்டம் என்பதுதான் பழைய தாலுகா. நம்முடையது உடையார்பாளையம் வட்டம். ஏஜென்ட் கட்டத்தில் ஜெயங்கொண்டம் ஒன்றியம் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே உடையார்பாளையம் வட்டம் என்றும் எழுது. இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுது. விட்டுவிடாதே.

மாவட்டம். இதற்கு மட்டும் ஒரு மூச்சு தம் பிடித்துக்கொள். உன் கொள்ளுத்தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது அது திருச்சினாப்பள்ளி ஜில்லா. சுதந்திரத்துக்குப் பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று எழுதினார்கள். பிறகு திருச்சியை உடைத்துப் பெரம்பலூர் மாவட்டம் ஆக்கினார்கள். நம் ஊர் பெரம்பலூருக்குப் போனது. பிறகு பெரம்பலூரை உடைத்து அரியலூர் மாவட்டம் ஆக்கினார்கள். ஓராண்டு சொச்சத்தில் வேண்டாம் என்று மறுபடி பெரம்பலூரோடு ஒட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி உடைத்து அரியலூர் ஆக்கினார்கள். இப்போது அரியலூர். நாளைக்கு என்னவோ. அந்த ஏரியும் இரண்டு தெருவும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

மாநிலம். கொள்ளுத்தாத்தாவின் வாயில் சென்னை ராஜதானி. ஆங்கிலத் தாளில் மெட்ராஸ் பிரெசிடென்சி. குடியரசான பிறகு மெட்ராஸ் மாநிலம். பிறகு தமிழ்நாடு. நீ தமிழ்நாடு என்று எழுது. பழைய தாளில் மெட்ராஸ் என்று இருந்தால் அதைத் திருத்தாதே, அடிக்காதே. அது அந்தக் காலத்துக்குச் சரி.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்து ஓய்வுபெற்று, மலேசியாவில் ஈப்போப் புந்தோங்கில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கிழவிக்கு அரியலூர்க் குறுவட்டம் எதற்கு? சொல்கிறேன்.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, இந்தியாவில் பிறக்கவில்லை. கேட்டுக்கொள். இங்கே பேராக் மாநிலத்தில், தஞ்சோங் மாலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தார். உன் கொள்ளுப்பாட்டி காலையில் பால் மரம் சீவிவிட்டு வந்து அன்று மத்தியானம் அவரைப் பெற்றாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தன் புத்தகத்தில் எழுதினாராம். ஜப்பான்காரன் காலத்தில் ஆஸ்பத்திரிக் கொட்டகையோடு அந்தப் புத்தகமும் போனது. அப்பாவுக்குச் சுராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்று கிடையாது. அந்தக் காலத்தில் பாதி லயத்துக்குக் கிடையாது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் ஊரை மனப்பாடம் பண்ணவைப்பார். ஊர்ப் பெயர், உடையார்பாளையம் தாலுகா, திருச்சினாப்பள்ளி ஜில்லா, சென்னை ராஜதானி. சாயங்காலம் வாசலில் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வாராம். ஒரு சொல் தவறினால் காது திருகல். நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் டிப்போவில் ஊர் சொல்லத் தெரியாமல் முழித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஊரைச் சரியாகச் சொன்னால்தான் செத்தாலும் தகவல் போய்ச் சேரும் என்பது அவர் பயம். அவர் திரும்பிப் போகவில்லை. தகவலும் போகவில்லை. ஆனால் பாடம் மட்டும் பிள்ளைகளின் நாக்கில் நின்றுவிட்டது.

வெள்ளைக்காரன் இங்கே காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், எல்லாருக்கும் ஐசி என்ற அடையாள அட்டை போட வந்தார்கள். பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் அதே இடத்தில், மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர், போட்டோ பிடிக்கிறவர், துப்பாக்கியோடு போலீஸ், எழுதுவதற்கு நம் தோட்டத்துக் கிராணி. கிராணி மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவாராம். அப்பாவுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. வரிசையில் அவர் முறை வந்தது.

"ஒன் ஊரு எதுடா?"

அப்பா ஒப்பித்தார். ஒரு மூச்சில், ஒரு சொல் தவறாமல். தோளில் துண்டுடன் பின்னால் நின்ற கொள்ளுத்தாத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாம். மகன் பாடத்தை மறக்கவில்லை. கிராணி அதை அப்படியே ஆங்கிலத்தில், பிறந்த இடம் என்ற வரியில் எழுதினார். அப்பா கட்டை விரலை உருட்டி வைத்தார்.

இதில் யாரைக் குறை சொல்வாய்? நீயே சொல். உன்னை யாராவது தமிழர் "எந்த ஊரு?" என்று கேட்டால், நீ பிறந்த ஆஸ்பத்திரியையா சொல்கிறாய்? நம்மிடம் ஊர் என்றால் வேர். அரசாங்கத்துக்கு ஊர் என்றால் தாய் வலி எடுத்துப் படுத்த இடம். அந்த மேசையில் இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள், இரண்டு பேரும் வேறு வேறு கேள்வியில் இருந்தார்கள்.

இதைவிட வயிறு எரியும் கதை ஒன்று உண்டு. நம் லயத்தில் கடைசி வீட்டுக்காரர் நிஜமாகவே இந்தியாவில் பிறந்தவர், கப்பலில் வந்தவர். ஊரில் ஏதோ அடிதடி செய்துவிட்டு ஓடிவந்தவராம். ஊர்ப் பெயரைச் சொன்னால் தேடி வந்துவிடுவார்கள் என்று பயந்து, "எனக்கு இந்தத் தோட்டந்தாங்க ஊரு" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பிறந்த இடம் பேராக் என்று எழுதினார்கள். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்குப் பிறகு, குடியுரிமைப் பதிவுக்கு லோரியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இங்கே பிறந்தவர்களுக்குச் சுலபம். அந்த முதல் வருடத்தில் மலாய் தெரியுமா என்று கூடக் கேட்கவில்லை. அடிதடிக்காரர் குடிமகனாகி வந்தார், பிறகு அவர் கைக்குக் குடிமக்களுக்குரிய நீல ஐசி வந்தது. இங்கேயே பிறந்த அப்பாவின் பாரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

"நான் இங்கதாங்க பொறந்தேன்" என்றாராம் அப்பா.

"பேப்பர்ல இந்தியான்னு இருக்கே லா. நீ சொன்னதுதானே?" என்றாராம் பதிவு மேசைக்காரர்.

சொன்னதுதான். அவர் வாயால் சொன்னதுதான். வெளியே பிறந்தவர்களுக்கு வேறு பாரம், வேறு சட்டம், இத்தனை வருடம் இங்கே இருந்ததற்கு ஆதாரம், மலாய்த் தேர்வு. தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை, பிறகு போய்க் கேட்டபோது அங்கே அதிகாரி மாறியிருந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது சிவப்பு ஐசி. நிரந்தரவாசி. ஆயுள் முழுக்க விருந்தாளி என்று அர்த்தம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடிமகன் அல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. தான் பிறந்த லயத்துக்கு எதிரே நிற்கும் மரத்தைச் சீவ அப்பாவுக்குப் பெர்மிட். லயத்தில் பல குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. அப்பாவையும் போகச் சொன்னார்கள். "நான் எங்க போறது? அந்த ஊர நான் பாத்ததே இல்லையே" என்றார். அம்மாவுக்கு நீல ஐசி. நாங்கள் பிள்ளைகள் மெர்டேக்காவுக்குப் பிறகு பிறந்தவர்கள், நீலம். ஒரே வீட்டில் ஒரே சோறு தின்ற ஆறு பேரில் அவர் மட்டும் சிவப்பு.

தேர்தல் நாளில் அவர் என்ன செய்வார் தெரியுமா? காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டு அம்மாவோடு வாக்குச் சாவடிப் பள்ளிக்கூடம் வரைக்கும் போவார். கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டு "போலாமா?" என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும். கடைசித் தேர்தலுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். நான்தான் தள்ளிக்கொண்டு போனேன்.

குடியுரிமைக்கு எத்தனை முறை மனுப் போட்டோம் என்று எண்ணி உனக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. நிராகரித்தால் காரணம் சொல்லமாட்டார்கள். ஒரு வரிதான் வரும். நான் ஓய்வு பெற்ற பிறகு, பிறந்த இடத்தைத் திருத்தினால்தான் வழி பிறக்கும் என்று பதிவிலாகாவுக்குப் போனேன். அங்கேதான் அந்த முதல் பாரத்தின் நகலை முதன்முதலாகப் பார்த்தேன். கிராணியின் அழகான சாய்ந்த கையெழுத்து. நீ கேட்கும் காப்பி அதுதான். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் நல்லவள். இங்கே பிறந்ததற்குச் சாட்சி சொல்ல அப்பாவைவிட மூத்தவர் யாராவது உயிரோடு உண்டா என்று கேட்டாள். எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். யோசித்துவிட்டு, மரியாதையாகப் புவான் என்று அழைத்துச் சொன்னாள், "இந்தியாவில் பிறந்ததாகத்தானே இருக்கிறது புவான்? அங்கே அவருக்குப் பிறப்புப் பதிவு இல்லை என்று அந்த ஊர் அதிகாரி எழுதிக் கொடுத்தால் கொண்டு வாருங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன்."

எனக்கு அது போதும். அப்பாவை உன் அப்பனிடம் விட்டுவிட்டு, திருச்சிக்கு விமானம் ஏறினேன்.

நம் நாக்கில் இருந்தது திருச்சினாப்பள்ளி ஜில்லா. அதனால் திருச்சி கலெக்டர் ஆபீஸுக்கே போனேன். வாசலில் மனு எழுதுகிறவர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, உடையார்பாளையம் எங்ககிட்ட இல்லியே. அது அரியலூரு." அரியலூருக்குப் பஸ். அங்கிருந்து ஜெயங்கொண்டம். நீ இன்று பிளாக் என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்கும் ஒரு சொந்தக்காரர் பிளாக் ஆபீஸுக்குத்தான் வழி காட்டினார். அங்கே பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். தொகுப்பு வீட்டுக்கு வந்த கிழவி என்று நினைத்து ஒருவர் ஆதார் அட்டை கேட்டார். கடைசியில் ஒரு பெண் அதிகாரி, "இது ஒன்றியம்மா, இங்க ரோடு போடுவோம், வீடு கொடுப்போம். பொறப்பு பதிவு பழசெல்லாம் தாலுகா ஆபீஸ்ல இருக்கும்" என்று அனுப்பிவைத்தாள்.

தாலுகா ஆபீஸில் கேட்டதும், ஊர் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டார்கள். இளைஞர். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலி போட்டார். நகலைக் கையில் வாங்கிப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அட, நம்ம ஊர்க்காரரு! கவலப்படாதீங்கம்மா, இங்க பொறந்திருந்தா கண்டிப்பா எடுத்துடலாம்."

"எடுக்க வேணாம் தம்பி. இல்லேன்னு எழுதிக் குடுங்க, அது போதும்."

அவருக்குப் புரியவில்லை. ஊர் தேடி வருகிறவர்கள் எல்லாரும் இருக்கிறது என்று எழுதித்தான் கேட்பார்களாம். இல்லை என்று எழுதிக் கேட்ட முதல் ஆள் நான். முழுக் கதையையும் சொன்னேன். பதிவறையில் தூசு தட்டித் தேடினார்கள். அந்த வருடம், அதற்கு முந்திய வருடம், பிந்திய வருடம். ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாக இருந்தார்கள். அப்பா இல்லை. "இந்தப் பேர்ல, இந்தத் தகப்பன் பேர்ல, யாரும் இங்க பொறக்கலம்மா" என்றார் அந்த இளைஞர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை. என் அப்பா இந்தியாவில் பிறக்கவில்லை என்று ஓர் அதிகாரி வாயால் கேட்க எனக்கு அத்தனை வயதாகியிருந்தது.

பதிவு இல்லை என்ற சான்றைக் கையெழுத்து, முத்திரையோடு கொடுத்தார்கள். கிராமம், உடையார்பாளையம் வட்டம், அரியலூர் மாவட்டம். இது முன்பு திருச்சி என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று அங்கேயே கேட்டேன். பாரத்தில் அதற்கு இடமில்லை, இப்போது இருக்கும் மாவட்டத்தைத்தான் போட முடியும் என்றார்கள். அவர்கள் சட்டம் அது. பெட்டியில் துணிக்கு நடுவே அந்தத் தாளை வைத்துக் கொண்டு வந்தேன்.

பதிவிலாகாவில் அந்த நல்ல பெண் மாற்றலாகிப் போயிருந்தாள். புதியவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆங்கிலம் மட்டும் படித்தார். ஒன்றில் விரலை வைத்தார். திருச்சினாப்பள்ளி. இன்னொன்றில் வைத்தார். அரியலூர்.

"வேறு மாவட்டத்தில் தேடியிருக்கிறீர்களே புவான்."

விளக்கினேன். உடைத்தது, ஒட்டியது, மறுபடி உடைத்தது எல்லாம். ஏன், நம் ஊரிலேயே நடக்கவில்லையா என்று கேட்டேன். தஞ்சோங் மாலிம் பத்தாங் பாடாங் மாவட்டத்தில்தான் இருந்தது, இப்போது அதைப் பிரித்து முஅல்லிம் என்று தனி மாவட்டம் ஆக்கவில்லையா, அதனால் தஞ்சோங் மாலிம் வேறு ஊராகிவிட்டதா என்றேன். அவர் சிரித்தார். எனக்குப் புரிகிறது, ஃபைலுக்குப் புரியாதே என்றார். இரண்டும் ஒரே இடம் என்று இந்திய அதிகாரி எழுதித் தர வேண்டும்.

ஜெயங்கொண்டத்துக்கு எழுதினேன். அந்த இளைஞருக்குப் போன் போட்டேன். அவர் மேலே அனுப்பினேன் என்றார். வருவாய் ஆய்வாளரிடம் இருக்கிறது, வட்டாட்சியரிடம் இருக்கிறது, வட்டாட்சியர் தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறார். இங்கே அப்பா பத்து காஜா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் உள்ளே நுழையும்போதெல்லாம் என் கையைத்தான் பார்ப்பார். கையில் காகிதம் இருக்கிறதா என்று. "வந்துச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நாட்களில் அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டார்.

அந்தக் கடிதம் கருமாதி முடிந்து வந்தது. ஒரே பத்தி. மேற்படி கிராமம் முன்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது, தற்போது அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் உள்ளது. முத்திரை எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது தெரியுமா? அதை வைத்துக்கொண்டு எங்கே போவது? அப்பாவின் இறப்புச் சான்றில் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், பிறந்த இடம் இந்தியா என்று. செத்தும் அவர் வாயால் சொன்ன பாடம் அவரை விடவில்லை. அன்றைக்கு நான் கொள்ளுத்தாத்தாவைக் கூடச் சபித்தேன். ஏன் மறைக்க வேண்டும், இன்றைக்கும் கோபம் வரும்போது சபிக்கிறேன்.

இப்போது நீ சிரிக்கிற முகத்தோடு அந்தக் காப்பியைக் கேட்கிறாய். அவர் ஆயுளெல்லாம் பொய் என்று மன்றாடிய தாளை, அவர் பேரன் உண்மை என்று கையெழுத்துப் போட்டு இன்னொரு அரசாங்கத்திடம் நீட்டப் போகிறாயா? இதுவரை அந்தப் பொய்யை ஒரு கிராணி எழுதினார், கவுண்டர்க்காரர்கள் எழுதினார்கள், ஆஸ்பத்திரி எழுதியது. நம் குடும்பத்துக் கை இன்னும் எழுதவில்லை. எழுதும் முதல் கை உன்னுடையதாக இருந்தால் என்னால் தாங்க முடியாது.

உனக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. அந்த அட்டைக்குக் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போகலாம் என்று போன வாரம் போனில் நீயே சொன்னாய். அவர் நிஜமாகவே அந்த ஊரில் பிறந்தவர். அவர் வழியில் போ. அவரிலிருந்து உன் தாத்தா, உன் அப்பன், நீ என்று பிறப்பும் உறவும் காட்டும் தாள்கள் வேண்டும். அவருடைய பூர்வீகச் சான்றுக்குத் தாலுகாவில்தான் மனுப் போட வேண்டும், பிளாக்கில் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், ஆய்வாளர் பார்ப்பார், வட்டாட்சியர் கையெழுத்துப் போடுவார். அவருடைய அண்ணன் வம்சத்தார் இன்னும் அந்த ஏரிக்கரையில் இருக்கிறார்கள், பழைய நிலப் பதிவில் அவர்கள் அப்பன் பாட்டன் பெயர் இருக்கிறது. கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. நாளாகும். நாளானால் நீ சாகமாட்டாய். உனக்கு வயது இருக்கிறது.

ஊர்ப் பெயர் எழுதிய அந்தத் தனித்தாளைத் தவிர, இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, திருச்சியும் அரியலூரும் ஒரே இடம் என்ற கடிதம். பழைய தாளுக்கும் புதிய தாளுக்கும் மாவட்டம் ஒத்துப்போகவில்லை என்று யாராவது விரலை வைத்தால் அதை நீட்டு. உன் தாத்தாவுக்காகக் காத்திருந்து வாங்கியது, அவருக்குப் பிரயோசனப்படவில்லை, உனக்காவது ஆகட்டும். இன்னொன்று, அவருக்கு அங்கே பிறப்புப் பதிவு இல்லை என்ற சான்று. அது உன் மனுவுக்கு வேண்டாம். நீ வைத்துக்கொள். எனக்கும் உன் அப்பனுக்கும் பிறகு அதைப் பத்திரப்படுத்த இங்கே யாரும் இல்லை.

உன் பாரத்தில் தாத்தா பிறந்த இடம் என்று ஒரு வரி வரும் என்றும் போனில் சொன்னாய். அதற்கும் நிரப்பித் தருகிறேன், அதே வரிசையில். தோட்டத்தின் பெயர் தனித்தாளில் இருக்கிறது. குறுவட்டம் மாதிரி இங்கே முக்கிம், அது ஹுலு பெர்ணம். மாவட்டம் முஅல்லிம், முன்னர் பத்தாங் பாடாங். மாநிலம் பேராக். நாடு மலேசியா. பார்த்துத் தெளிவாக எழுது, ஐயா. எந்தத் தாளிலும் இதுவரை யாரும் அவருக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை.

உன் அத்தை